25,000-இல் நிஃப்டி பட்டர்ஃபிளை: 20 புள்ளி கொடுக்கலாமா?

கேள்வி (புதியவன்): நாளை எக்ஸ்பைரி. நிஃப்டி 24,960. முழு எண்ணான 25,000-இல்தான் முடியும் என்கிறார்கள். 24,900 / 25,000 / 25,100 கால் பட்டர்ஃபிளை 20 புள்ளிக்குக் கிடைக்கிறது. போனால் 20, வந்தால் 80. எடுக்கலாமா?

கடலூரான்: தாராளமாக எடுங்கள். 25,000-இல்தான் ஓப்பன் இன்ட்ரஸ்ட் குவிந்து கிடக்கிறது. ஆப்ஷனை எழுதி விற்றவர்கள் விலையை அங்கேயே பிடித்து வைப்பார்கள்.

கணக்கன்: அண்ணே, ஓப்பன் இன்ட்ரஸ்ட் அளவை மட்டும்தான் காட்டும்; யார் வாங்கினார், யார் விற்றார் என்று காட்டாது. ஹெட்ஜ் செய்கிறவர்கள் ஆப்ஷனை வாங்கி வைத்திருந்தால், ஏறும்போது விற்று இறங்கும்போது வாங்குவார்கள்; விலை அங்கே ஒட்டும். அவர்களே விற்றிருந்தால் நேர்மாறு, 25,000-ஐ விட்டு விலை வேகமாக விலகும்.

20 என்பது மலிவும் இல்லை. 24,900 கால் 110, 25,100 கால் 25, நடுவில் 57.50 வீதம் இரண்டு விற்பனை. 135-இல் 115 போக 20. இந்த விலைகள் ஒரு நாளில் சுமார் 190 புள்ளி அசைவை எதிர்பார்க்கின்றன. லாபம் 24,920-க்கும் 25,080-க்கும் இடையில் மட்டுமே. அங்கே முடிய மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். 80 கிடைப்பது சரியாக 25,000-இல். 25,050-இல் முடிந்தால் 30தான்.

ராணி_டிரேட்ஸ்: நான் ஒரு பங்கில் 1,480 / 1,500 / 1,520 கால் போட்டிருக்கிறேன். அதற்கும் இதே கணக்குதானே?

கணக்கன்: இல்லைங்க, பங்கு ஆப்ஷனில் டெலிவரி உண்டு. 1,510-இல் முடிந்தால் உங்களுக்கு ஒரு லாட் வரும், நீங்கள் இரண்டு லாட் கொடுக்க வேண்டும். கையில் பங்கு இல்லாவிட்டால் மீதி ஒரு லாட் ஏலத்துக்குப் போகும். எக்ஸ்பைரிக்கு முன்பே மூடிவிடுங்கள். நிஃப்டியில் பணமாகவே தீரும்.

புதியவன்: நாளை மதியம் 25,000-க்கு வந்துவிட்டால் 80 புள்ளி லாபத்தில் வெளியே வரலாமா?

கணக்கன்: வராது. 2 மணிக்கு நிஃப்டி சரியாக 25,000-இல் நின்றாலும் பட்டர்ஃபிளையின் விலை 40-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஏனென்றால் இன்னும் ஒன்றரை மணி நேர அசைவு பாக்கி. கடைசி அரை மணியில்தான் அது வேகமாக வீங்கும். செட்டில்மென்டும் அந்த அரை மணியின் சராசரியை வைத்துத்தான். 3:28-க்குத் திரையில் 25,060 தெரிந்தாலும் முடிவு விலை 25,015 ஆக இருக்கலாம்.

போடும்போது இரண்டு ஓரங்களையும் முதலில் வாங்குங்கள், பிறகு நடுவை விற்கலாம். மாற்றிச் செய்தால் மார்ஜின் போதாமல் ஆர்டர் பாதியில் நிற்கும். மூடும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள்.

கடலூரான்: கணக்கு சரி. ஆனால் 2 மணிக்கு மேல் 25,000-ஐத் தாண்டிப் போய்ப் போய்த் திரும்பினால் ஒட்டுகிறது என்றுதானே அர்த்தம்? அப்போது வாங்கலாமே?

கணக்கன்: அப்போது விலை 40, உங்கள் எல்லை இருபக்கமும் 60 புள்ளி. ஒட்டுதல் உண்மையா தற்செயலா என்று அந்த நேரத்தில் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது, அண்ணே.

கடலூரான்: எனக்கு அந்த இடத்தில்தான் வாய்ப்பு தெரிகிறது.