அடிக்குறிப்பு, பட்டியல், மேற்கோள்: ஒலிநூலுக்கு மாற்றிய அனுபவங்கள்

மண்டபத்திலிருந்து:
மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றிய நீளமான அத்தியாயம் ஒன்றை ஒலிநூலாக வாசிப்பதற்கு ஏற்ற மாதிரி எழுதிக் கொடுத்தேன். அதிக யோசனை எடுத்தது அடிக்குறிப்புகள்தான். இது இல்லாவிட்டால் கேட்பவர் தப்பாகப் புரிந்துகொள்வாரா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தேன். ‘இங்கே 21 தீவுகள் உள்ளன’ என்பது அச்சு வாக்கியம். விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. இதை விட்டால் வாக்கியமே தப்பு. அதனால் ‘21 தீவுகள் இருந்தன, அவற்றில் இரண்டு இப்போது நீருக்குள்’ என்று பெயர்களோடு உள்ளேயே சேர்த்துவிட்டேன். நூற்பெயரும் பக்க எண்ணும் மட்டுமே இருந்த குறிப்புகளை எடுத்துவிட்டேன்.

அப்புறம் அந்த 21 பெயர்கள். எண் போட்டு ஒரே பட்டியலாக அச்சில் இருந்தன. அப்படியே வாசித்தால் ஐந்தாறு பெயருக்கு மேல் காதில் நிற்காது. மண்டபம் பக்கம் ஏழு, கீழக்கரை ஏழு, வேம்பார் மூன்று, தூத்துக்குடி நான்கு என்று முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு தொகுதியாக எடுத்துக்கொண்டோம். ‘மண்டபம் பக்கம் ஏழு: சிங்கில், குருசடை, புள்ளிவாசல்...’ என்று போனால், இன்னும் எத்தனை வரும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்கும்.

தொண்டியிலிருந்து:
அடிக்குறிப்பை யார் காதால் கேட்கப்போகிறார்கள்? மொத்தமாக விட்டுவிடலாம். மேற்கோளுக்கும் குரலை மாற்றினால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

மண்டபத்திலிருந்து:
இரண்டு வரி மேற்கோளுக்கு அது சரி. அரைப் பக்கம் போனால் வாசிப்பவர் தன்னையறியாமல் பழைய குரலுக்கே வந்துவிடுவார். ‘என்று ஒரு பயணி எழுதுகிறார்’ என்பது நம் வாக்கியத்தில் கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் நூலாசிரியரே பேசுவதாகத்தான் கேட்பவர் நினைப்பார். அதனால் ‘ஒரு பயணி எழுதுவதைக் கேளுங்கள்’ என்று முன்னால் வைத்தோம். முடிந்ததும் சின்ன இடைவெளி விட்டு, ‘அந்தப் பயணி இப்படிச் சொன்னாலும்’ என்று அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினோம். மேற்கோளுக்குள் இருந்த சொற்களில் மட்டும் கை வைக்கவில்லை.

பாம்பனிலிருந்து:
எனக்கும் ஒலிப்பதிவில் பெரிய தொல்லை. ஆடிக் காற்றில் ஜன்னல் அதிர்கிற சத்தம் உள்ளே வந்துவிடுகிறது. துணி அடைத்த அலமாரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்து வாசித்தால் கொஞ்சம் பரவாயில்லை.

கீழக்கரையிலிருந்து:
எங்கள் வாப்பாவுக்குப் பார்வை இல்லை. ஒலிநூல் கேட்கும்போது ‘இதை எங்கிருந்து எடுத்தாங்க?’ என்று கட்டாயம் கேட்பார். பார்க்கிறவர்களுக்கு அச்சுப் புத்தகம் இருக்கிறது. அவருக்கு நூற்பெயர்களை எடுத்துவிட்டால் வேறு வழி ஏது? அத்தியாயம் முடிந்ததும் தனி ஒலிக்கோப்பாக வாசித்து வைக்கலாமே. வேண்டாதவர்கள் தாண்டிப் போகட்டும்.

மண்டபத்திலிருந்து:
நியாயம்தான். தனிக் கோப்பு போடலாம். ஆனால் எந்தக் குறிப்பு எந்த வாக்கியத்துக்கு என்று அதில் எப்படிச் சொல்வது? எண்ணைச் சொன்னால் பயனில்லை, உள்ளே நாங்கள் எண்ணே வாசிக்கவில்லை. ‘முத்துக்குளிப்பு பற்றிய பகுதிக்கு’ என்று பொருளைச் சொல்லித் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். நூலாசிரியரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.