ஈசினோபில் 16 சதவீதம்: எங்கள் வீட்டின் இரண்டு ரத்த அறிக்கைகள்

வயலோரம்: சென்ற ஆவணியில் என் கணவரும் நானும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டோம். வைரஸ் காய்ச்சல் விட்டு ஐந்து நாள்களே ஆகியிருந்த எனக்கு வெள்ளணுக்களில் லிம்போசைட் வகை 54 சதவீதம் என்றும், காய்ச்சல் ஏதுமின்றி அரிப்பு மட்டும் இருந்த அவருக்கு ஈசினோபில் வகை 16 சதவீதம் என்றும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. 54 என்ற எண் என்னை அன்றிரவு உறங்கவிடவில்லை. அவருடைய 16-ஐ இருவருமே பொருட்படுத்தவில்லை. மொத்த வெள்ளணுக்கள் எனக்கு 4,000, அவருக்கு 8,600.

ஸ்லைடுக்காரர்: அம்மா, நான் ஆய்வகத்தில் பணிபுரிபவன். சதவீதத்தை மொத்த எண்ணிக்கையோடு பெருக்கிப் பாருங்கள். உங்களுக்கு 2,160 வருகிறது. பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இயல்பு. காய்ச்சலில் நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுக்கள் குறைந்ததால் லிம்போசைட்டின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே. உங்கள் கணவருக்கோ 1,376. அது 500-க்குள் இருக்க வேண்டும். கவனிக்க வேண்டிய அறிக்கை அவருடையதுதான்.

தென்றல்: ஈசினோபில் ஏறினால் வயிற்றில் பூச்சிதான், ஐயா. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரு மாத்திரை போட்டால் சரியாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம்.

ஸ்லைடுக்காரர்: பூச்சியாகவும் இருக்கலாம், தூசி ஒவ்வாமை, ஆஸ்துமா, புதிதாகத் தொடங்கிய ஏதேனும் மாத்திரை ஆகியவையாகவும் இருக்கலாம். எல்லாப் பூச்சியும் ஒரே மாத்திரைக்கு அடங்குவதில்லை. அரிப்புக்கு ஸ்டீராய்டு எடுத்திருந்தால் ஈசினோபில் தற்காலிகமாக இறங்கி, காரணத்தையே மறைத்துவிடும்.

மழலைத்தாய்: என் மகளுக்கு மூன்று வயது, லிம்போசைட் 58 என்று வந்திருக்கிறது. அவளுக்கும் பூச்சி மருந்து கொடுக்கலாமா?

ஸ்லைடுக்காரர்: வேண்டாம் அம்மா. லிம்போசைட்டுக்கும் பூச்சிக்கும் தொடர்பில்லை. அந்த வயதில் லிம்போசைட் மிகுந்திருப்பதே இயல்பு. அறிக்கையின் ஓரத்தில் பெரியவர்களுக்கான அளவையே அச்சிட்டிருப்பார்கள், அவள் எண்ணை அதோடு ஒப்பிடாதீர்கள்.

நள்ளிரவு: எனக்கு நேர்ந்தது வேறு. இரவு இரண்டு மணிக்கு இருமல் எழுப்பும், பகலில் ஒன்றுமில்லை. ஆஸ்துமா என்று மாதக்கணக்கில் இன்ஹேலர் இழுத்தேன். ஈசினோபில் 4,000-ஐத் தாண்டிய பிறகே, யானைக்கால் புழுவினால் நுரையீரலில் வரும் ஈசினோபீலியா என்று ஒரு மருத்துவர் கண்டறிந்து, மூன்று வாரம் டி.இ.சி. மாத்திரை கொடுத்தார். மலப் பரிசோதனையில் அது தெரியாது என்றும் சொன்னார்.

வயலோரம்: என் கணவருக்கு இரவு இருமல் இல்லை. அவர் வெறுங்காலோடு நாற்றங்காலில் நிற்பவர் என்று கேட்டறிந்த மருத்துவர், மூன்று வெவ்வேறு நாள்களில் மலப் பரிசோதனை செய்யச் சொன்னார். முதலிரண்டு நாள்களில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கொக்கிப்புழு முட்டைகள் தென்பட்டன. மருந்து முடிந்து ஆறு வாரத்தில் 1,376 என்பது 700 ஆகியிருக்கிறது. அரிப்பு மட்டும் விடவில்லை. அது வேறு காரணத்தாலா என்று அடுத்த மாதம் பார்க்கவிருக்கிறார்கள்.