புதுப்பிப்பு: ஜூம் நேர்காணலில் விலகிப்போன குரல்

"ஆளுக்கொரு ஒலிக்கோப்பு இருக்கிறது. தொடக்கத்தில் உதடும் குரலும் பொருந்துகின்றன, போகப் போக விலகுகின்றன. முகங்களோ சின்னச் சின்னப் பெட்டியில். என்ன செய்வது?"

இங்கே நான் கேட்டிருந்த இந்தச் சிக்கல் சரியாகிவிட்டது. பதில் எழுதிய பினாங்கு அண்ணன் சொன்னதுதான் காரணம்: பதிவில் பிரேம் வேகம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது, எடிட்டிங் மென்பொருள் அதைச் சீரானதாக எடுத்துக்கொண்டது. டைம்லைனில் போடும் முன் இப்படி மாற்றினேன்:

```
ffmpeg -i zoom.mp4 -vf fps=25 -c:v libx264 -crf 16 -c:a copy zoom25.mp4
```

இப்போது நேர்காணலில் பேசும் பாட்டி கடைசியில் நன்றி சொல்லும் வரை உதடு பொருந்துகிறது. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றச் சொன்ன தம்பி, அது நல்ல பழக்கம்தான், ஆனால் விலகல் அதனால் போகவில்லை. கல்யாண வீடியோ பற்றிக் கேட்ட அக்கா, உங்களுடையதில் முழுக்க ஒரே அளவு விலகல். ஒலியை நகர்த்தினாலே போதும்.

முகங்களைத் தனியாக வெட்டி, கண்கள் ஒரே உயரத்தில் வரும்படி பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பாதித் திரைக்கு மேல் பெரிதாக்கினால் பாட்டியின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது.

அப்புறம், பேசாதவர் டிராக்கை முழுக்க அணைக்காமல் 15 டெசிபல் குறைத்தேன். அணைத்தால் ஜார்ஜ்டவுன் மழைச் சத்தம் திடீரென அறுந்துபோகிறது, காதில் உறுத்துகிறது. இருவரும் சேர்ந்து சிரிக்கும் இடத்தில் மட்டும் எதிரொலி இன்னும் இருக்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.