புதுப்பிப்பு: ஃபிரிட்ஜ் வாரண்டி அட்டையின் பின்பக்கம்

போன பதிவில் நான் கேட்டது: “கம்ப்ரஸருக்கு 10 வருஷம் என்று அட்டையில் இருக்கிறது. வாங்கி 4 வருஷம்தான், கூலிங் இல்லை. பில் தொலைந்துவிட்டது. க்ளெய்ம் கிடைக்குமா?”

முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்துப் போட்டது என் தப்பு. மெக்கானிக் அண்ணன் ஒருவர், “பின்பக்கத்தைப் பாருங்க” என்றார். அங்கே பொடி எழுத்தில்: முதல் வருஷத்துக்குப் பிறகு கம்ப்ரஸர் மட்டும் இலவசம், கேஸ், கூலி நம் செலவு, துருவால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது.

பில்லுக்கு, “ஆன்லைனில் பதிந்திருந்தால் போதும்” என்றார் ஒருவர். பாதி சரி. பதிவு இருந்தது, ஆனாலும் கம்பெனியில் தேதியோடு பில் கேட்டார்கள். கடலூர் கடையில் என் போன் நம்பரை வைத்தே நகல் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் சீரியல் எண் ஒரு இலக்கம் மாறியிருந்தது. திருத்தி, சீல் வைத்து வாங்கினேன்.

அப்புறம் டெக்னீஷியன் வந்தார். கம்ப்ரஸர் ஓடுகிறது. பின்னாலுள்ள குழாய் இணைப்பில் சோப்பு நுரை தடவியதும் குமிழி வந்தது: கேஸ் கசிவு. தேவனாம்பட்டினம் உப்புக்காற்றில் வந்த துருவாம். அப்படியானால் க்ளெய்ம் இல்லை. இணைப்பே சரியாக ஒட்டவில்லை என்பது என் சந்தேகம்; ஆய்வு அறிக்கையை எழுத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் வரவில்லை.