டைம்ஷீட் நேரம் கொட்டேஷன் நேரத்தோடு அப்படியே பொருந்துகிறது, வேலை மட்டும் இழுக்கிறது. எங்கே கோளாறு?

திட்டப்பொறுப்பு:
வணக்கம். ஆறு பேர் இருக்கும் சின்ன வெப் ஏஜென்சியில் ப்ராஜெக்ட்களைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் மதிப்பிட்டு, மொத்தமாக ஒரு தொகைக்குக் கொட்டேஷன் தருவோம். எல்லோரும் டைம்ஷீட் நிரப்புகிறார்கள்.

சமீபத்தில் முடித்த ஒரு வெப்சைட் வேலையின் கணக்கு இது. கொட்டேஷனில் டிசைன் 40, டெவலப்மென்ட் 60, கன்டென்ட் ஏற்றுவது 15, டெஸ்டிங் 15, ஒருங்கிணைப்பு 10, ஆக 140 மணி. டைம்ஷீட்டில் வந்தது அதே வரிசையில் 41, 58.5, 15, 14, 10. மொத்தம் 138.5. பார்த்தால் அருமையான வேலை. ஆனால் நான்கு வாரத்தில் முடிய வேண்டியது ஏழு வாரம் இழுத்தது. கடைசி மூன்று வாரமும் டெவலப்பர் வேறு எதையும் தொட்டதாக எனக்கு நினைவில்லை. அதற்கு முந்தைய வேலைகளிலும் இதே கதைதான்.

யாரும் பொய் எழுதுபவர்கள் இல்லை. கருவியில் கோளாறா, நாங்கள் பயன்படுத்தும் முறையில் கோளாறா? டைமர் வைத்த மென்பொருளுக்கு மாறலாமா என்று முதலாளி கேட்கிறார்.

எக்செல் தம்பி:
ஷீட்டில் கூட்டுகிறீர்களா சார்? நேரத்தைக் கூட்டும்போது 24 மணி தாண்டினால் அது மறுபடி பூஜ்யத்திலிருந்து காட்டும். 138:30 என்பது 18:30 என்று தெரியும். செல் ஃபார்மட்டை `h:mm` என்பதிலிருந்து `[h]:mm` என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். எங்கள் அலுவலகத்தில் இதனால் ஒரு மாதச் சம்பளக் கணக்கே குழம்பியது.

திட்டப்பொறுப்பு:
நன்றி தம்பி, ஆனால் நாங்கள் 1.5, 2.25 என்று தசமத்தில்தான் எழுதுகிறோம். கூட்டல் சரியாகத்தான் இருக்கிறது. கூட்டப்படும் எண்கள்மேல்தான் சந்தேகம்.

நிரல்கொத்தன்:
வெள்ளிக்கிழமை மாலை உட்கார்ந்து வாரம் முழுவதையும் மொத்தமாக நிரப்புகிறார்களா? அதுதான் காரணம். செவ்வாய்க்கிழமை என்ன செய்தோம் என்று யாருக்கு ஞாபகம் இருக்கும்? டைமர் வையுங்கள். வேலையைத் தொடங்கும்போது ஒரு அழுத்து, முடிக்கும்போது ஒரு அழுத்து. நாங்கள் மாறிய பிறகு ஒழுங்காகிவிட்டது.

தனி ஆள்:
நான் ஃப்ரீலான்சர். எனக்கும் இதே பிரச்சினைதான், 30 மணி சொல்லி 50 மணி ஆகிறது. கூடுதல் மணிக்கு வாடிக்கையாளரிடம் எப்படிக் காசு கேட்பது? கொட்டேஷனிலேயே ஒரு வரி போட வேண்டுமா?

மணிக்கணக்கு:
தனி ஆள், உங்கள் மணி கூடியது உங்களுக்குத் தெரிகிறது. இவருக்கு அதுவே தெரியவில்லை. உங்கள் கேள்வி தனி இழைக்கு உரியது.

திட்டப்பொறுப்பு, நிரல்கொத்தன் சொல்வதில் பாதி சரி. மறதியால் வரும் பிழை சிதறும். ஒரு வரியில் 12 மணி கூடும், இன்னொன்றில் 8 மணி குறையும். ஐந்து வரியும் கொட்டேஷனை ஒட்டி இரண்டு மணிக்குள் நிற்கிறது என்றால், நிரப்புகிறவர்கள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நிரப்புகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். பதிவு செய்யும் திரையில் 'மீதம் இத்தனை மணி' என்று ஏதாவது தெரிகிறதா?

டைமர் இதைத் தீர்க்காது. டைமரை அழுத்தும் முன்பு எந்த ப்ராஜெக்ட் என்று ஆள்தானே தேர்வு செய்கிறார்? மீதம் பூஜ்யம் ஆனதும் அவர் கை 'பொது வேலை' பக்கம்தான் போகும்.

மென்பொருள் வாங்கும் முன்பு இரண்டு விஷயம் பாருங்கள். பதிவுகளை ஏற்றுமதி செய்தால், வேலை நடந்த தேதியும் பதிவு உருவான தேதியும் பெரும்பாலும் தனித்தனிப் பத்தியாக வரும். இரண்டுக்கும் எத்தனை நாள் இடைவெளி என்று பாருங்கள். அப்புறம் 'பொது வேலை' கணக்கை ஆள்வாரியாக, வாரவாரியாகக் கூட்டுங்கள். ப்ராஜெக்ட் பெயர் B, ஆள் C, வார எண் D, மணி E பத்தியில் இருந்தால்:

```
=SUMIFS(E:E, B:B, "General", C:C, "Dev", D:D, 5)
```

ப்ராஜெக்ட்டைப் பார்க்காதீர்கள். ஒரு ஆளின் வாரம் எங்கே போனது என்று பாருங்கள். மணி காணாமல் போகாது, வேறு பெயரில் எங்காவது உட்கார்ந்திருக்கும். இன்னொரு கேள்வி: மணி கூடினால் உங்கள் அலுவலகத்தில் என்ன நடக்கும்?

திட்டப்பொறுப்பு:
பார்த்தேன். நீங்கள் சொன்னது போலத்தான் இருக்கிறது.

பதிவுத் திரையில் ஒவ்வொரு வேலைக்கும் மீதி மணி தெரிகிறது. தாண்டினால் சிவப்பாகும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் சிவப்பு வரிகளைத் திரையில் போட்டு, அந்தந்த ஆளிடம் காரணம் கேட்கும் வழக்கம் உண்டு.

பெரும்பாலான பதிவுகள் வேலை நடந்து நான்கைந்து நாள் கழித்து உருவானவை. பொது வேலைக் கணக்கில் டெவலப்பருக்கும் டிசைனருக்கும் வழக்கமாக வாரத்துக்கு 5 மணி வரும். கடைசி மூன்று வாரத்தில் டெவலப்பருக்கு 14, 16, 12. டிசைனருக்கு 9, 11, 8. வழக்கமானதைக் கழித்தால் ஒருவருக்கு 27, இன்னொருவருக்கு 13, ஆக 40 மணி கூடுதல். இதைச் சேர்த்தால் 178.5. அதாவது கொட்டேஷனைவிட 27 சதவீதத்துக்கும் மேல்.

டெவலப்பரிடம் கேட்டேன். சங்கடப்படாமலே சொன்னார்: "60 முடிந்துபோச்சு, அதற்கு மேல் அதில் போடக் கூடாது என்று நினைத்தேன்." அவர் பக்கம் இருந்து பார்த்தால் அதில் தப்பே இல்லை.

மணிக்கணக்கு:
ஆமாம், அவர் விதியை மதித்திருக்கிறார். சிவப்பு வந்தால் விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் யாரும் சிவப்பு வரவிட மாட்டார்கள். கூட்டத்தில் அந்தத் திரையைப் போடுவதை முதலில் நிறுத்துங்கள்.

40 மணியும் இந்த வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதே வாரத்தில் வேறு ஏதாவதும் நடந்திருக்கும். அதனால் 178.5 என்பதை உச்ச அளவாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய பதிவுகளைத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டாம். இப்போது கேட்டால் உங்களுக்குப் பிடித்த எண்ணைத்தான் தருவார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். இந்த 140 எங்கிருந்து வந்தது? செய்கிறவர்கள் சொன்ன மணியா, வாடிக்கையாளரிடம் பேசி முடித்த மணியா?

திட்டப்பொறுப்பு:
குழு சொன்னது 165. வாடிக்கையாளர் தொகை அதிகம் என்றார். முதலாளி டெவலப்மென்ட்டில் 20, டெஸ்டிங்கில் 5 குறைத்து 140 ஆக்கிக் கொடுத்தார். டைம்ஷீட் கருவியில் ஏற்றியதும் அந்த 140-தான்.

மணிக்கணக்கு:
அப்படியானால் உங்கள் கதையே வேறு. உச்ச அளவு 178.5 என்றே வைத்தாலும், குழுவின் 165-ஐ விட 13.5 மணிதான் அதிகம், சுமார் 8 சதவீதம். இதற்காக யாரையும் திங்கட்கிழமை எழுப்பி நிறுத்த வேண்டியதில்லை. மீதி 25 மணி கொடுக்கப்பட்ட தள்ளுபடி. தள்ளுபடி தருவது முதலாளியின் உரிமை, ஆனால் அதைத் தொகையில் குறைக்க வேண்டும். மணியைக் குறைத்து எழுதியதால் வேலை சுருங்கவில்லை, டெவலப்பர் மெதுவாகச் செய்தது போன்ற தோற்றம்தான் வந்தது.

இரண்டு எண் வையுங்கள்: மதிப்பிட்ட மணி, விற்ற மணி. டைம்ஷீட்டை முதலாவதோடு ஒப்பிட்டால் மதிப்பீடு எவ்வளவு துல்லியம் என்று தெரியும். இரண்டாவதோடு ஒப்பிட்டால் லாபம் தெரியும். இரண்டையும் ஒரே எண்ணில் கேட்டால் எதற்கும் பதில் கிடைக்காது. அடுத்த கொட்டேஷனில் டெவலப்மென்ட்டுக்கு 58.5 ஆனது என்று நம்பி 60 போடுவீர்கள், மறுபடி இதே குழியில் விழுவீர்கள்.

மீதி மணியைப் பதிவுத் திரையிலிருந்து மறைத்துவிடுங்கள். பொறுப்பாளருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

நிரல்கொத்தன்:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் கோடு எழுதுகிறவன். ஒரு ஃபார்முக்கு 4 மணிதான் என்று தெரிந்தால் ஒரு மாதிரி செய்வேன், 12 மணி என்றால் வேறு மாதிரி. எண்ணையே மறைத்தால் எல்லாவற்றையும் தங்க முலாம் பூசித்தான் தருவேன்.

மணிக்கணக்கு:
நியாயம். வேலையைக் கையில் கொடுக்கும்போது எண்ணைச் சொல்லிவிடலாம். நேரத்தைப் பதியும் இடத்தில் கண்முன் ஓடக் கூடாது என்பதுதான் என் வாதம். அந்த எண்ணுக்குப் பதிலாக வாரம் ஒருமுறை ஒரே கேள்வி: "இதை முடிக்க இன்னும் எத்தனை மணி வேண்டும்?" கழித்துச் சொல்லக் கூடாது, வேலையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வார முடிவில் டெவலப்பர் 45 மணி செலவழித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கருவி மீதி 15 என்கிறது. அவரைக் கேட்டால் 35 என்கிறார். அப்போதே உங்களுக்கு 80 தெரிந்துவிடும், வாடிக்கையாளரிடம் பேச நேரம் இருக்கும். இந்தக் கேள்விக்கும் 'மீதி 15' என்ற பதிலே வாராவாரம் வந்தால் பயம் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

திட்டப்பொறுப்பு:
இது பிடித்திருக்கிறது. ஒரு சந்தேகம். அந்த 13.5 மணியில் வாடிக்கையாளர் கூடுதலாகக் கேட்டது எவ்வளவு, நாங்கள் தவறாக மதிப்பிட்டது எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? விசாரணை ஃபார்மை அவர் பலமுறை மாற்றினார்.

மணிக்கணக்கு:
முடிந்துபோன வேலையில் பிரிக்க முடியாது. இனிமேல் பதிவில் ஒரு பத்தி சேருங்கள், மூன்றே தேர்வு: ஒப்புக்கொண்ட வேலை, வாடிக்கையாளர் கேட்ட மாற்றம், நம் பிழையைத் திருத்தியது. நான்காவது வேண்டாம். தேர்வு கூடக்கூட எல்லோரும் முதலாவதையே அழுத்திவிட்டுப் போய்விடுவார்கள். அன்றன்றைக்கே நிரப்பினால்தான் இந்தப் பத்திக்கு மதிப்பு. இடைவெளி ஒரு நாளைத் தாண்டிய பதிவுகளை எண்ணிக்கொண்டே வாருங்கள்.

பொது வேலையையும் உடைக்க வேண்டும். கூட்டம், விற்பனைக்கு உதவி, பயிற்சி என்று பிரித்தாலே மணியை ஒளித்துவைக்க இடம் குறையும்.

தனி ஆள்:
அந்த மூன்று தேர்வை நானும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதுதான் நான் காசு கேட்க வேண்டியது, இல்லையா?

மணிக்கணக்கு:
அதுவேதான், செய்யும் முன்பே எழுத்தில் சம்மதம் வாங்கியிருந்தால்.

திட்டப்பொறுப்பு:
முதலாளியிடம் பேசினேன். சிவப்பு வரிகளைக் கூட்டத்தில் காட்டுவது நிற்கிறது, வாரக் கேள்வியை நான் தனித்தனியாகக் கேட்கப்போகிறேன். இரண்டு எண் விஷயத்தில் அவர் இழுக்கிறார். மதிப்பிட்ட மணி குழுவுக்குத் தெரிந்தால் அந்த அளவுக்கு வேலையை நீட்டிவிடுவார்கள் என்கிறார். விற்ற மணியைக் காட்டினாலும் நெருக்கடி, மதிப்பிட்ட மணியைக் காட்டினாலும் நீளும் என்றால் எதைத்தான் காட்டுவது?

நிரல்கொத்தன்:
165 என்று சொன்னதே குழுதானே! அவர்களுக்குத் தெரியாத எண்ணா அது?