புதுப்பிப்பு: பருப்புப் பொடி விற்பனை, நான்கு மாதக் கணக்கு

என் கேள்வி: "200 கிராம் பருப்புப் பொடியைக் கடலூர்க் கடைகளுக்குக் கொடுப்பதா, கூரியரில் நானே அனுப்புவதா? எதில் கையில் மிஞ்சும்?"

வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. பொட்டலம் 120 ரூபாய், அடக்கம் 58. மஞ்சக்குப்பம் கடைகள் 25 சதவீதம் எடுத்துக்கொள்வதால் எனக்கு 32 ரூபாய் மிஞ்சுகிறது. கடையைத் தவிர்த்தால் முழு லாபமும் நமக்கே என்று ஒரு நண்பர் எழுதியது பாதிதான் சரி. ஒற்றைப் பொட்டலம் அனுப்பியபோது கூரியர் 60, அட்டைப்பெட்டி 12 போக, 10 ரூபாய் கைநஷ்டம். மொத்த வியாபாரம் செய்யும் அண்ணன் சொன்னபடி மூன்று பொட்டலங்களாக மட்டும் அனுப்பத் தொடங்கியதும், அதே 72 ரூபாய்ச் செலவில் பொட்டலத்துக்கு 38 ரூபாய் நின்றது. ஊறுகாய் எண்ணெய்க் கசிவு பற்றி எழுதிய அக்காவின் சிக்கல் பொடிக்கு வரவில்லை.

நான் எதிர்பாராதது, நேரடியாகக் கேட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் கடையில் வாங்கி, பொட்டலத்தின் பின்புறமிருந்த எண்ணைப் பார்த்து அழைத்தவர்கள் என்பதே. ஆகவே கடைகளை விடவில்லை. ஆனால், காலாவதியாகித் திரும்பும் ஒரு பொட்டலம் ஏறக்குறைய இரண்டு பொட்டலங்களின் லாபத்தை விழுங்குவதால், வாரந்தோறும் நானே சென்று பழையதை முன்வரிசைக்கு நகர்த்தி, விற்ற அளவுக்கே நிரப்புகிறேன். ஒரு கடையின் 30 நாள் கடன் 50 நாளாக இழுபடுவதைத் தடுக்க மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை.