கண்ணாடிப் பெயர்ப்பலகையில் நிழலும் பிம்பமும்: ஒரே சொல் போதுமா?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, படத்திருத்தக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். கண்ணாடிப் பெயர்ப்பலகையின் ஒளிப்படத்தில் 'தையலகம்' என்பதை அழித்துத் 'துணியகம்' என்று எழுதியபின், புதிய எழுத்துகளுக்கு உரிய நிழலையும் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தையும் அமைக்கும் பணிக்கு ஒரே சொல் தேவை. 'நிழல் மீட்பு' எனலாமா?

இணைய வடிவமைப்பாளர்:
இதற்குப் புதுச்சொல் எதற்கு? `text-shadow` என ஒரு வரி எழுதினால் வந்துவிடும். நாங்கள் அதை 'எழுத்து நிழல்' என்றே சொல்கிறோம்.

படத்திருத்துநர்:
அது அழகுக்குச் சேர்க்கும் நிழல், ஐயா. இங்கு படத்தில் ஏற்கெனவே இருக்கும் வெளிச்சத்துக்குப் புதிய எழுத்து கட்டுப்பட வேண்டும். 'மீட்பு' என்பதும் பொருந்தாது. 'தை'யின் பழைய நிழல் கண்ணாடிக்குப் பின்னுள்ள திரையில் அப்படியே கிடந்தால்தான் திருட்டு வெளிப்படும், ஆகவே அதை மீட்கக் கூடாது, அழிக்க வேண்டும்.

இயற்பியல் ஆசிரியர்:
நிழல், பிம்பம் இரண்டும் ஒளி வரும் திசையைப் பொறுத்தவையே என்பதால் 'ஒளித்தடம்' என்று ஒன்றாகச் சொல்லிவிடலாமே.

படத்திருத்துநர்:
நிழலுக்கு அது சரி, அம்மா; பிம்பம் எங்கே தெரியும் என்பதையோ படக்கருவி நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. நான் திருத்திய ஒரு படத்தில் எழுத்துகள் கண்ணாடிக்கு இரண்டு செ.மீ. முன்னால் நின்றன, எனவே பிம்பம் கண்ணாடிக்குள் இரண்டு செ.மீ. ஆழத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. படக்கருவி இடப்புறம் தாழ்வாக இருந்ததால் பிம்பம் எழுத்தின் இடக்கீழ் ஓரத்தில் எட்டிப்பார்த்தது. வெயில் இடப்புறம் மேலிருந்து விழுந்ததால் திரைமேல் நிழல் வலக்கீழாகச் சென்றது. பழைய எழுத்தை அழிக்குமுன் அதன் ஒரு முனையிலிருந்து நிழலின் அதே முனைக்கும் பிம்பத்தின் அதே முனைக்கும் உள்ள விலகலைத் தனித்தனியே அளந்துகொண்டு, நிழலை அடியிலுள்ள படத்தைக் கருமையாக்கும் Multiply முறையிலும் பிம்பத்தை அதை வெளிறச்செய்யும் Screen முறையிலும் இட்டேன். முதல் முயற்சியில் எழுத்தின் சிவப்பு முகத்தையே பிம்பத்துக்கும் நகலெடுத்துவிட்டேன். கண்ணாடி பார்ப்பதோ எழுத்தின் முதுகை, அது வெறும் சாம்பல் நிறம்.

இன்னொன்றும் உண்டு. 'ம்' மேலுள்ள புள்ளி ஒரு செ.மீ. அகலம் என்றால், பத்து செ.மீ. பின்னுள்ள திரையில் அதன் நிழல் ஓரம் சற்றே மங்கியிருக்கும். ஒரு மீட்டர் பின்னுள்ள சுவரிலோ அது கரைந்து வெறும் மங்கலாகிவிடும். இரண்டுக்கும் ஒரே மங்கலைக் கொடுத்தால் படம் ஒட்டவைத்ததுபோல் நிற்கும்.

ஆகவே இரண்டு சொற்கள் வேண்டும்: 'நிழல் பொருத்தல்', 'எதிருருப் பொருத்தல்'.

இயற்பியல் ஆசிரியர்:
படக்கருவியை நான் கணக்கில் கொள்ளவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'எதிருரு' என்பதை உயிரியலில் மரபணுவின் மாற்று வடிவத்துக்கு ஆள்கிறார்கள். 'பிம்பம்' எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

மொழிபெயர்ப்பாளர்:
'நிழல் பொருத்தல்' என்பதை எடுத்துக்கொள்கிறேன். மற்றதற்கு இப்போதைக்குப் 'பிம்பம் பொருத்தல்' என எழுதி வைக்கிறேன்; 'எதிருரு'வுக்காக வாதிட விரும்புவோர் அந்த இயல் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.